கஸ்டமர் சர்வேல ரெண்டு விஷயத்த ஒரே கேள்வில கேட்டிருக்கு, பிரிக்கலாம்னா ஓனர் ஒத்துக்க மாட்டேங்கறார். உதவி ப்ளீஸ்

லாஸ்பேட்டை_பில்லிங்:
வணக்கம். பாண்டில ஒரு மளிகை டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல பில்லிங், கணக்கு ரெண்டும் பாக்கறேன். லாஸ்பேட்டைலயும் முத்தியால்பேட்டைலயும் கடை இருக்கு, ஹோம் டெலிவரியும் உண்டு. போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் ஒரு சர்வே சீட்டு அடிச்சு டெலிவரியோட குடுக்கப் போறோம், மொத்தமே ஒரு 200 சீட்டு தான் திரும்பி வரும். பழைய சீட்டுங்கள புரட்டிப் பாத்தப்ப ரெண்டு கேள்வி இடிக்குது.

4வது கேள்வி: "எங்கள் டெலிவரி ஊழியர்கள் சரியான நேரத்தில் வந்து மரியாதையாக நடந்துகொள்கிறார்களா? ஆம் / இல்லை". இதுல ஒரு அம்மா ஆம், இல்லை ரெண்டுத்துக்கும் நடுவுல டிக் போட்டு, பக்கத்துலயே பேனாவால "பையன் தங்கமான பையன், ஆனா 7 மணின்னு சொல்லிட்டு 9க்கு வரான்"னு எழுதி வச்சிருக்காங்க. இத நான் எதுல சேக்கறது?

7வது: "அக்கம்பக்கத்து கடைகளை விடக் குறைந்த விலையில் தரமான பொருட்கள் தரும் எங்கள் கடையின் விலை உங்களுக்குத் திருப்தியா?" இதுக்கு முக்கால்வாசி பேர் ஆம்.

ஓனர்கிட்ட சொன்னா "கேள்விய மாத்தினா நான் கேக்க நினைச்சதே மாறிடும், போன வருஷத்தோட ஒப்பிடவும் முடியாது"ங்கறார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கற மாதிரி தான் தெரியுது. என்ன பண்ணலாம்?

வில்லியனூர்_பாய்ஸ்:
சிம்பிள் ப்ரோ. எங்கெல்லாம் "மற்றும்" மாதிரி வருதோ அங்கெல்லாம் ரெண்டா உடைங்க. வர்ற ரெண்டு பதிலையும் சராசரி போட்டா போன வருஷத்து நம்பரோட ஒப்பிட்டுக்கலாம், மேட்டர் ஓவர்.

கடலூர்_மெஸ்காரர்:
எங்க மெஸ்ல கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு நோட்டு வச்சிருக்கோம், கருத்து எழுதறதுக்கு. எல்லாரும் "சூப்பர்", "மீன் குழம்பு அருமை"ன்னே எழுதறாங்க, ஆனா மதியம் கூட்டம் என்னமோ குறையுது. சீட்டே வேணாம் தம்பி, நேர்ல கேளுங்க, மூஞ்சப் பாத்தா தெரிஞ்சிடும்.

ஆய்வுக்காரி:
நான் பல வருஷமா மார்க்கெட் ரிசர்ச் ஃபீல்டுவொர்க்ல இருக்கேன், கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முதல்ல கேள்விய தொடாதீங்க. ஓனர்கிட்ட போய், "4க்கு நிறைய பேர் இல்லைன்னு போட்டா நீங்க என்ன சார் செய்வீங்க?"ன்னு கேளுங்க. லேட்டா வருதுன்னா இன்னொரு வண்டி போடணும், இல்ல டைம் சொல்றத மாத்தணும். பையன் கடுப்பா பேசறான்னா பையன கூப்பிட்டு பேசணும். செய்ய வேண்டிய வேலை ரெண்டும் வேற வேற, அதனால கேள்வியும் ரெண்டா தான் இருக்கணும். அந்த அம்மா எழுதின வரிய காட்டுங்க, அத விட நல்ல சாட்சி கிடைக்காது. அதையே "கடை சுத்தமாவும் நீட்டாவும் இருக்கா"ன்னு கேட்டிருந்தா பிரிக்கத் தேவையில்ல, ஒரு வார்த்தைய அடிச்சிட்டா போதும், ஏன்னா எதுக்கு இல்லன்னு சொன்னாலும் ஓனர் செய்யப் போறது ஒரே வேலை தான். வில்லியனூர் தம்பி சொல்ற மாதிரி எல்லாத்தையும் உடைச்சா சீட்டு ரெண்டு பக்கம் தாண்டும், பின்பக்கத்த யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க.

4அ: "கடைசியா வந்த டெலிவரி, சொன்ன நேரத்தோட பாத்தா எப்ப வந்துச்சு? முன்னாடியே / சொன்ன நேரத்துக்கு / அரை மணி வரைக்கும் லேட் / அதுக்கும் மேல லேட் / ஞாபகம் இல்ல". கடைசியா வந்ததுன்னு கேக்கறது முக்கியம், பொதுவா கேட்டா மனசுல இருக்கற அபிப்ராயத்த தான் சொல்லுவாங்க, நடந்தத சொல்ல மாட்டாங்க.

4ஆ: "கொண்டு வந்தவர் உங்ககிட்ட நடந்துகிட்ட விதம் எப்படி? ரொம்ப நல்லா / நல்லா / சுமார் / மோசம் / ரொம்ப மோசம்". நல்ல பக்கம் எத்தனையோ மோசமான பக்கமும் அத்தனை இருக்கணும். மூணு நல்லதும் ஒரே ஒரு மோசமும் வச்சா, நீங்க எந்தப் பக்கம் எதிர்பாக்கறீங்கன்னு வாங்கறவருக்குப் புரிஞ்சிடும்.

7 தான் பெரிய சிக்கல். விலை குறைவுன்னு ஜனங்க நினைக்கறாங்களாங்கறது தான் ஓனருக்குத் தெரியணும், அந்த பதிலை அவரே கேள்விக்குள்ள எழுதி குடுத்துட்டார். அதுல "தரமான"ங்கறதும் ஒட்டிக்கிட்டு வருது, பருப்புல கல்லு இருக்குன்னு கோவமா இருக்கறவர் இதுக்கு என்ன டிக் பண்ணுவார்? இப்படி கேளுங்க: "நீங்க வாங்கற மத்த கடைகளோட பாத்தா எங்க விலை எப்படி? குறைவு / கிட்டத்தட்ட ஒண்ணு தான் / அதிகம் / பொருளுக்குப் பொருள் மாறுது / தெரியாது". தரத்தப் பத்தி தெரிஞ்சாகணும்னா மட்டும் அதுக்குன்னு தனியா ஒண்ணு.

வில்லியனூர்_பாய்ஸ்:
சராசரில என்னக்கா தப்பு?

ஆய்வுக்காரி:
போன வருஷம் ஆம்னு போட்டவர் ரெண்டுத்தையும் மனசுல வச்சு போட்டாரா, நேரத்த மட்டும் நினைச்சாரா, பையன் மூஞ்சிய நினைச்சாரான்னு நமக்குத் தெரியாது. அதுக்கு சமமான நம்பர புது பதில்கள்லேந்து கூட்டி வகுத்து வரவழைக்க முடியாது. வார்த்தை மாறினாலே எண்ணிக்கை மாறும் தம்பி. டொனால்ட் ரக் 1941லயே அமெரிக்கால இத எழுதினார். ஜனநாயகத்துக்கு எதிரா பேசறத தடை செய்யணுமான்னு கேட்டப்ப ஆமான்னவங்கள விட, அனுமதிக்கலாமான்னு கேட்டப்ப கூடாதுன்னவங்க ரொம்பவே அதிகம். ரெண்டும் ஒரே அர்த்தம் தானேன்னு தோணும், ஆனா ஜனங்களுக்கு அப்படி இல்ல.

அதனால ஒப்பிடறதுல ஓனர் பயப்படறது சரி தான். அதுக்கு ஒரு வழி இருக்கு. இந்த ஒரு வருஷம் மட்டும் பாதி சீட்டுல பழைய 4, பாதில புதுசு. லாஸ்பேட்டைக்கு பழசு, முத்தியால்பேட்டைக்கு புதுசுன்னு பிரிச்சிடாதீங்க, ஏரியா வித்தியாசமும் உள்ள கலந்துடும். கட்டுலயே ஒண்ணு விட்டு ஒண்ணா அடுக்கி வச்சிடுங்க. பழசு போன வருஷத்தோட ஒப்பிட, புதுசு அடுத்த வருஷத்துக்கு. ஆனா பாதின்னா 100 சீட்டு தான், 10 சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ அத நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க, தற்செயலாவே அவ்வளவு ஆடும்.

கடலூர்_மெஸ்காரர்:
இவ்வளவு மெனக்கெடறதுக்கு நேர்லயே கேட்டுடலாமேம்மா.

ஆய்வுக்காரி:
கேக்கலாம்ணா, ஆனா அச்சடிக்கறதுக்கு முன்னாடி. அஞ்சாறு கஸ்டமர்கிட்ட சீட்ட குடுத்து டிக் பண்ண சொல்லிட்டு, "இத போடும்போது என்ன நினைச்சீங்க"ன்னு கேட்டா போதும். ஆளுக்கு ஒண்ணு நினைச்சிருந்தா கேள்வில இன்னும் ஓட்டை இருக்குன்னு அர்த்தம். உங்க நோட்டு பிரச்சனை வேறண்ணா, கல்லாலயே நீங்க உக்காந்திருக்கீங்க, உங்க எதிர்க்க யாரு மீன் குழம்பு சரியில்லன்னு எழுதுவாங்க?

லாஸ்பேட்டை_பில்லிங்:
ரொம்ப நன்றிக்கா. ஓனர்கிட்ட அந்த அம்மா சீட்ட காட்டினேன், ஒரு நிமிஷம் பாத்துட்டு 4ஐ பிரிக்க சம்மதிச்சிட்டார், பாதி பாதி ஐடியாவும் ஓகே. 7ல தான் பிடிவாதம். கேள்விய மாத்திக்கோ, ஆனா "குறைந்த விலை, நிறைந்த தரம்"னு சீட்டு தலைப்புல பெருசா வரணும்ங்கறார். அப்புறம் சீட்ட டெலிவரி பையனே கையில குடுத்து, நின்னு வாங்கிட்டு வருவான். 4ஆ கேள்விக்கு அது ஒத்து வருமா?

ஆய்வுக்காரி:
தலைப்புல போட்டா கேள்விலேந்து எடுத்தத மேல கொண்டு போய் ஒட்டின மாதிரி தான், அதையும் படிச்சிட்டு தான் கீழ வருவாங்க. அந்த வாசகத்த கடைசி கேள்விக்கு அப்புறம், நன்றி சொல்ற எடத்துல போடலாமான்னு கேட்டுப் பாருங்க. பையன் விஷயம் கஷ்டம் தான். அவன் எதிர்க்க நிக்கும்போது மோசம்னு யாரும் போட மாட்டாங்க, கேள்விய எப்படி எழுதினாலும் அத சரி பண்ண முடியாது. ஒட்டற கவர்ல போட்டு வாங்கலாம், இல்ல அடுத்த தடவை கடைக்கு வரும்போது ஒரு பெட்டில போட சொல்லலாம்.

லாஸ்பேட்டை_பில்லிங்:
பெட்டி வச்சா பாதி சீட்டு கூட திரும்பி வராதுக்கா, டெலிவரி வாங்கறவங்க கடைப்பக்கமே வர்றதில்ல. 200 கவருக்கு ஓனர் காசு குடுப்பாரான்னு சாயந்தரம் கேட்டுட்டு வந்து சொல்றேன்.