வலி இல்லை, வீக்கம் இல்லை, க்ரியாட்டினின் மட்டும் 1.1-லிருந்து 1.5: பயாப்ஸி பண்ணியே ஆகணுமா?

பவானி ஆத்தோரம்

வணக்கம்ங்க. என் வீட்டுக்காரருக்கு என் மாமியார் கிட்னி கொடுத்து ரெண்டு வருஷம் தாண்டிருச்சு. தறிப்பட்டறையில மேஸ்திரியா இருக்காரு. ஆபரேஷனுக்கு அப்புறம், கிட்னி சரியா வடிகட்டலைன்னா ரத்தத்துல ஏறுற க்ரியாட்டினின் 1.1-லயேதான் நின்னுச்சு, மாசாமாசம் பார்க்கிறோம். இந்த மாசம் 1.5 வந்திருக்கு. யூரின் நல்லா போகுது, கால் வீங்கல, காய்ச்சல் இல்லை, பசியும் இருக்கு. டாக்டர் படுக்கச் சொல்லி பயாப்ஸி எடுக்கணும்ங்கிறாரு. வெச்ச கிட்னியை உடம்பு தாக்காம இருக்கப் போடுற டேக்ரோ மாத்திரையோட லெவல் ரத்தத்துல பார்த்ததுல 9.2, அது நல்லாத்தான் இருக்குன்னு லேப்ல சொன்னாங்க. வீட்டுல எல்லாரும் "ஆள் நல்லாத்தானே இருக்கான், எதுக்கு ஊசி போட்டு கிட்னியைக் குத்தணும், ஒரு மாசம் பொறுத்துப் பார்க்கலாம்"னு சொல்றாங்க. அம்மா கிட்னிதானே, அது ஒட்டாமப் போகுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கருப்பட்டி காபி

பயப்படாதீங்க சகோதரி. எனக்கும் இதே மாதிரி 1.2-ல இருந்தது 1.6 ஆச்சு. தண்ணி குறைஞ்சா அப்படித்தான் ஏறும். எனக்கு அப்ப ரெண்டு மூணு நாளா வயித்தால போயிட்டிருந்தது. டிரிப் ஏத்தினாங்க, நல்லா தண்ணி குடிச்சேன், ஒரே வாரத்துல பழையபடி இறங்கிருச்சு. பயாப்ஸி எல்லாம் எடுக்கல. தண்ணி குடிக்க வெச்சு திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

ரெண்டு பிள்ளைக்கு அம்மா

அம்மா கிட்னி ஒட்டுமான்னு கேட்டீங்களே, என் கதையைச் சொல்றேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே பிளட் குரூப், ஓ பாசிட்டிவ். அவரே தர்றேன்னு எல்லா டெஸ்டும் முடிச்சோம். கடைசியில என் ரத்தத்தையும் அவரோட அணுக்களையும் கலந்து பார்க்கிற க்ராஸ்மேட்ச் பாசிட்டிவ்னு வந்துருச்சு. பாசிட்டிவ்னா நல்லதுன்னு நினைச்சு சந்தோஷமா ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்தோம். டாக்டர்தான் உட்கார வெச்சு, இவர் கிட்னியை வெச்சா உங்க ரத்தம் உடனே அதைத் தாக்கும்னு சொன்னாரு. ரெண்டு பிரசவத்துல என் உடம்பு அவரோட அணுக்களை எதிரியா நினைச்சுப் பழகிருச்சாம். அதுக்கு மேல டயாலிசிஸ்ல ரத்தம் வேற ஏத்திருக்காங்க. இப்ப இறந்தவங்க கொடுக்கிற கிட்னிக்காக ட்ரான்ஸ்டான்ல பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கேன். அதனால அம்மாவா இருந்தாலும் க்ராஸ்மேட்ச் பண்ணாம வைக்காதீங்க.

பவானி ஆத்தோரம்

அக்கா, எங்களுக்கு வெச்சு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. அப்பவே க்ராஸ்மேட்ச் நெகட்டிவ்தான். ஆனா நீங்க சொன்னது எனக்குத் தெரியாத விஷயம்.

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

கிட்னி மாற்று வார்டுல ரொம்ப காலம் வேலை பார்த்தவ நான். முதல்ல பவானிக்காரம்மாவுக்குப் பதில்.

அம்மா கிட்னின்னா பாதி ஒத்துப்போகும், அவ்வளவுதான். அப்பா அம்மாகிட்ட இருந்து ஆளுக்குப் பாதி நமக்கு வருது. திசுப் பொருத்தத்துல ஆறுக்கு எவ்வளவுன்னு ரிப்போர்ட்ல போட்டிருப்பாங்களே, அதுல அம்மாவோடது மூணாவது சேரும். மீதிப் பாதி உங்க வீட்டுக்காரர் உடம்புக்கு அந்நியம்தான். அதனாலதான் மாத்திரை. கூடப் பிறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு முழுசாப் பொருந்த வாய்ப்பு உண்டு, அவங்களுக்கும் மாத்திரை உண்டு. ஒரே கருவுல பிறந்த இரட்டையர்னா மட்டும்தான் கதை வேற.

அடுத்தது, வலி இல்லைன்னு சொன்னீங்க. நான் பார்த்த, உடம்பு புதுக் கிட்னியைத் தாக்குற ரிஜெக்‌ஷன்ல பாதிப் பேருக்கு மேல வலியே இருந்ததில்லை. முன்னாடி எல்லாம் காய்ச்சல் வரும், வெச்ச இடம் கல்லு மாதிரி ஆகும், யூரின் குறையும். இப்ப இருக்கிற மாத்திரைகள் வந்த பிறகு அந்த அறிகுறியெல்லாம் அமுங்கிப்போயிடுது. பல பேருக்கு ரத்தத்துல ஏறுற அந்த ஒரு எண்தான் முதல் சேதி. வெளி ஆளுங்களுக்கு 1.5 சாதாரணமாத் தெரியும், சில லேப்ல தடிச்ச எழுத்துல கூடப் போட மாட்டாங்க. ஆனா உங்க ஆளுக்கு 1.1 தான் அளவுகோல். அதுலருந்து மூணுல ஒரு பங்குக்கு மேல ஏறியிருக்கு. கால்வாசி ஏறினாலே நாங்க விட மாட்டோம்.

இப்ப எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். டேக்ரோ டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தப்ப காலை மாத்திரையைப் போட்டுட்டுப் போனாரா, போடாமப் போனாரா? சமீபத்துல புது மாத்திரை ஏதாவது, இல்ல இதே மாத்திரை வேற கம்பெனியில வாங்கினீங்களா?

பவானி ஆத்தோரம்

சிஸ்டர், காலையில 8 மணிக்கு மாத்திரையைப் போட்டுட்டு, ஒன்பதரைக்கு லேப்ல ரத்தம் கொடுத்தாரு. வழக்கமா போடாமத்தான் போவாரு, அன்னைக்குப் பட்டறையில அவசரம். போன மாசம் மருந்துக் கடையில வழக்கமான கம்பெனி இல்லைன்னு வேற கம்பெனி கொடுத்தாங்க. அதே மருந்துதான், மில்லிகிராமும் அதேதான்னு சொன்னாங்க. அட்டையையும் பார்த்தேன், ஒண்ணுதான்.

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

அப்ப அந்த 9.2-ஐ நம்ப முடியாது. மாத்திரை போட்ட ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல அது உச்சத்துல இருக்கும். நாம பார்க்க வேண்டியது அடி மட்டம். ராத்திரி 8 மணிக்குப் போட்டா, மறுநாள் காலை 8 மணிக்கு, அடுத்த மாத்திரை வாயில போடுறதுக்கு முன்னாடி எடுக்கணும். நாளைக்கே மாத்திரையைக் கையில எடுத்துட்டுப் போங்க, ரத்தம் கொடுத்துட்டு அங்கயே போடச் சொல்லுங்க.

வேற கம்பெனி கொடுத்ததே தப்புன்னு சொல்ல மாட்டேன். மாத்தினா டாக்டருக்குச் சொல்லி, கொஞ்ச நாள்ல லெவல் பார்க்கணும். ஒரே மில்லிகிராமா இருந்தாலும் குடல் உறிஞ்சுறது ஆளுக்கு ஆள், அட்டைக்கு அட்டை கொஞ்சம் மாறும். இந்த மாத்திரைக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

கருப்பட்டி காபி தம்பி, உங்களுக்கு நடந்தது நிஜம். ஆனா வயித்தால போனப்ப உங்களுக்குத் தண்ணி மட்டும் குறைஞ்சிருக்காது. பேதியில டேக்ரோ லெவல் ஏறும், அது ஏறினாலும் கிட்னி ரத்தக் குழாயைச் சுருக்கி க்ரியாட்டினினை ஏத்தும். உங்களுக்கு லெவல் பார்த்தாங்களா?

கருப்பட்டி காபி

பார்த்தாங்க சிஸ்டர், ஞாபகம் வருது. டேக்ரோவை ஒரு வாரம் குறைச்சுப் போடச் சொன்னாங்க. தண்ணியாலதான் இறங்குச்சுன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன். அப்ப லெவல் ஏறினாலும் க்ரியாட் ஏறும், இறங்கினாலும் ஏறுமா?

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

ஆமா தம்பி, அதுதான் இதுல சிக்கலே. அதிகமானா மருந்தே கிட்னியைக் கெடுக்கும், குறைஞ்சா உடம்பு கெடுக்கும். ரெண்டுக்கும் ரிப்போர்ட்ல தெரியுற எண் ஒண்ணுதான், வைத்தியம் நேர் எதிர். ஒண்ணுக்கு மாத்திரையைக் குறைக்கணும், இன்னொண்ணுக்குக் கூட்டணும். பிகே வைரஸ்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இதே மாதிரி சத்தமில்லாம ஏத்தும், அதுக்கு மருந்தைக் குறைக்கணும். உடம்புதான் தாக்குதுன்னு ஊகத்துல அதுக்கான ஸ்டீராய்டை ஏத்திட்டு உள்ளே வைரஸ் இருந்தா கிட்னி போச்சு. அதனாலதான் பயாப்ஸி.

மேட்டூர் டேம்

சிஸ்டர் சொல்றதை நான் அனுபவிச்சிருக்கேன். கழுத்துல நெறி கட்டி டிபின்னு வந்து, உள்ளூர்ல ஒரு கிளினிக்ல மருந்து ஆரம்பிச்சாங்க. கிட்னி வெச்சிருக்கேன்னு சொன்னேன், பரவாயில்லைன்னுட்டாங்க. அதுல ரிஃபாம்பிசின் இருந்தது. அது டேக்ரோவைக் கல்லீரல்ல வேகமா உடைச்சுத் தள்ளிருமாம். நான் ஒரு வேளை கூட மாத்திரையை விடல, ஆனாலும் ரத்தத்துல டேக்ரோ இல்லாத மாதிரி ஆயிருச்சு. க்ரியாட் 1.3-ல இருந்து 2.4. ரிஜெக்‌ஷன்னு பயாப்ஸியில வந்தது. இப்ப 1.9-ல நிக்குது, பழைய இடத்துக்கு வரவே இல்லை. இதுக்கு நேர்மாறா, படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல் சாப்பிட்டு லெவல் எகிறிப் போன ஆளையும் ஓபியில பார்த்தேன். சளிக்குக் கூட நானா மாத்திரை வாங்குறதில்லைங்க இப்ப.

பயாப்ஸிக்கு ரொம்ப பயப்படாதீங்க. சொந்தக் கிட்னின்னா முதுகுப் பக்கம் ஆழத்துல இருக்கும். நமக்கு வெச்சது அடிவயித்துல தோலுக்குப் பக்கத்துலயே இருக்கு. ஸ்கேன் பார்த்துக்கிட்டே மரத்துப்போக ஊசி போட்டு, "டக்"னு ஒரு சத்தம், சேமியா இழை அளவுக்கு ஒரு துண்டு வரும். அப்புறம் அசையாம மல்லாக்கப் படுக்க வெச்சு, யூரின்ல ரத்தம் வருதான்னு பார்ப்பாங்க. ஆஸ்பிரின் சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லிருங்க.

பவானி ஆத்தோரம்

எல்லாருக்கும் நன்றிங்க. என்ன ஆச்சுன்னு எழுதுறேன். மாத்திரை போடாமப் போய் ரத்தம் கொடுத்ததுல லெவல் 3.6. எங்க டாக்டர் இவருக்கு வெச்ச இலக்கு 5-லிருந்து 7. அன்னைக்கே அட்மிட் பண்ணிட்டாங்க. பயாப்ஸியில ரிஜெக்‌ஷன் ஆரம்பம்னு வந்தது, வைரஸ் இல்லை. மூணு நாள் மெத்தில்பிரட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு 500 மில்லிகிராம் டிரிப்ல ஏத்தினாங்க. சர்க்கரையே இல்லாத மனுஷனுக்கு 300 தாண்டி, இன்சுலின் போட்டாங்க. க்ரியாட் 1.25-க்கு இறங்கிருக்கு. டேக்ரோவைக் கூட்டி, பழைய கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்காங்க.

கம்பெனி மாறினதாலதானான்னு டாக்டர் உறுதியாச் சொல்லல. சாயங்கால மாத்திரையை பட்டறையில விட்டீங்களான்னு இவர்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டாரு. இல்லவே இல்லைங்கிறாரு இவரு. டோனருக்கு எதிரா ஆன்டிபாடி வந்திருக்கான்னு பார்க்க ரத்தம் அனுப்பியிருக்காங்க, ரிசல்ட் இன்னும் வரல. மாமியார், என் கிட்னியில ஏதோ கோளாறு இருந்ததாலதான் இப்படின்னு அழுதுட்டே இருக்காங்க.

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

மாமியார்கிட்ட சொல்லுங்கம்மா, அவங்க கிட்னி நல்லா இருக்கப் போய்த்தான் 1.1 காட்டுச்சு. தாக்குனது மகனோட ரத்தம்.

அந்த ஆன்டிபாடி ரிசல்ட்டுக்காக நானும் காத்திருக்கேன். அது நெகட்டிவ்னா இப்ப கொடுத்த வைத்தியமே போதும்னு நினைப்பாங்க. பாசிட்டிவ்னா ரத்தத்துல இருந்து அதைப் பிரிச்செடுக்கிற பிளாஸ்மா சிகிச்சை, இம்யூனோகுளோபுலின்னு போகும், செலவும் கூட. 1.1-க்குத் திரும்புமா, 1.25 தான் இனி அளவுகோலான்னு இப்பவே சொல்ல முடியாது. கொஞ்ச நாளைக்கு வாரா வாரம் ரத்தம் பார்க்கச் சொல்வாங்க. ஸ்டீராய்டு இவ்வளவு ஏறினதால தொத்து வராம இருக்க, ஆபரேஷன் ஆன புதுசுல கொடுத்த கோட்ரைமாக்ஸசோலைத் திரும்ப ஆரம்பிக்கணுமான்னு டாக்டரைக் கேளுங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல அது விட்டுப்போறதை நான் பார்த்திருக்கேன். வீட்டுல காலையில எடை, பிபி ரெண்டையும் ஒரு நோட்டுல எழுதுங்க. ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா, வீக்கம் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நீர் தேங்குதுன்னு அர்த்தம்.

ரெண்டு பிள்ளைக்கு அம்மா

சிஸ்டர், ஒரு கேள்வி. ஹீமோகுளோபின் 6.8 தான் இருக்கு, டயாலிசிஸ்ல இந்த வாரம் ரத்தம் ஏத்தலாம்னு சொல்றாங்க. ஏத்திக்கவா?

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குதுன்னா ஏத்தித்தான் ஆகணும், அதுல யோசிக்காதீங்க. அப்படி இல்லைன்னா எரித்ரோபாய்ட்டின் ஊசியைக் கூட்டி, இரும்பு ஊசி போட்டு ஏத்த முடியுமான்னு உங்க நெஃப்ராலஜிஸ்ட்டையே நேரா கேளுங்க. ஒவ்வொரு பாட்டில் ரத்தமும் உங்களுக்குப் புது ஆன்டிபாடியைக் கொண்டு வரலாம், அப்புறம் லிஸ்ட்ல வர்ற கிட்னியும் க்ராஸ்மேட்ச்ல தட்டிப் போகும். ஏத்தியே ஆகணும்னா, பதிவு பண்ணின ஆஸ்பத்திரிக்குத் தேதியோட சொல்லிருங்க, ஆன்டிபாடி டெஸ்டைத் திரும்ப எடுக்கணும். வீட்டுக்காரர் கொடுக்கத் தயாரா இருக்கிறதால, இதே மாதிரி மாட்டிக்கிட்ட இன்னொரு குடும்பத்தோட மாத்திக்கிற ஸ்வாப் பத்தியும் கேளுங்க. நெருங்கின உறவுக்குள்ள டோனர் பொருந்தலைன்னா அப்படிச் செய்ய 2011 திருத்தத்துக்கு அப்புறம் சட்டத்துல இடம் இருக்கு.