முன்னால் நிற்கும் பொருளை எடுத்துவிட்டு மறைந்த கையை வரைவதற்கு என்ன சொல்?

அக்கரைப்பற்று, ஆசிரியை:

வணக்கம். உயர்தர மாணவர்களுக்குப் படத் திருத்தம் பற்றி ஒரு கைநூல் எழுதுகிறேன். ஒருவரின் கைக்கோ உடம்புக்கோ குறுக்கே நிற்கும் பொருளை அகற்றி, அதன் பின்னால் மறைந்த பகுதியை நம்பும்படி வரைந்து சேர்க்கிறோமே, அதற்கு ஒரு சொல் வேண்டும். ‘மறைபகுதி மீட்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. மீட்பது என்றால் இருந்ததைத் திரும்ப எடுப்பது. இங்கே படத்தில் இல்லாததை அல்லவா வரைகிறோம்?

மட்டக்களப்பு, மென்பொருள் எழுதுபவர்:

ரீச்சர், இதற்குப் புதிய சொல் தேவையில்லை. inpainting என்பதற்குச் சொல்லும் ‘உட்பூச்சு’ போதும். ஓவியங்களில் உதிர்ந்த இடத்தை வண்ணம் பூசி நிரப்புகிறவர்களின் சொல்லைத்தான் 2000இல் வெளிவந்த ஆய்வொன்று கணினிக்குக் கொண்டுவந்தது. விளிம்பில் நிற்கும் கோடுகளை உள்ளே நீட்டிக்கொண்டு போவதுதான் அந்த முறை. இப்போது அதுவும் வேண்டாம். GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் Resynthesizer என்ற செருகுநிரலைப் போட்டால், பொருளைத் தெரிவுசெய்து `Heal selection` கொடுக்க வேண்டியதுதான். சுவரானாலும் கையானாலும் அதற்கு ஒன்றுதான்.

கல்லடி, ஸ்ரூடியோ வைத்திருப்பவர்:

தம்பி சொல்வது சுவருக்குச் சரி. கைக்குச் சரிவராது. அந்த வித்தியாசம் சொல்லிலும் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

அண்மையில் ஒரு குடும்பம் அந்தியேட்டிக் கல்வெட்டுக்குப் படம் கொண்டுவந்தது. கோயில் திருவிழாவில் அம்மா பாட நிற்கிறார். அவர் முகம் தெளிவாக இருக்கிற படம் அது ஒன்றுதான். மைக் ஸ்ராண்டின் கம்பி அவருடைய இடது முன்கையைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. கைக்கு ஒரு பக்கம் கரும்பச்சைச் சேலை, மறுபக்கம் வெள்ளைச் சுவர். கம்பியைத் தெரிவுசெய்து தம்பி சொன்ன கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். சுவர் அழகாக நிரம்பியது. கையில் மட்டும் ஒரு துண்டு சேலை வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் லேசு. அந்தக் கட்டளை சுற்றியிருக்கும் நிறங்களையும் இழைகளையும் பார்த்து, பொருந்துவதை அள்ளிப் போடுகிறது. அங்கே ஒரு கை இருக்கிறது, அது மணிக்கட்டை நோக்கி ஒடுங்கும் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே வரம்பிலிருந்து தொடங்கினேன். கம்பிக்கு மேலே கையின் இரண்டு ஓரமும் தெரிகின்றன, கீழேயும் தெரிகின்றன. பாதைக் கருவியால் அவற்றை இணைத்தேன். முழங்கைப் பக்கம் சற்று அகலம், மணிக்கட்டுப் பக்கம் ஒடுக்கம். அந்த வரம்புக்கு வெளியே சுவரையும் சேலையையும் ஓர் அடுக்கில் முதலில் முடித்தேன். கையை வேறு அடுக்கில் எடுத்தேன். தோலுக்கு வலது கையைப் புரட்டி ஒட்டினால் என்ன என்று கேட்பார்கள். வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. புரட்டினால் அது இடப்பக்கத்திலிருந்து வருவதாகிவிடும், கை தனியாகத் தெரியும். ஆகவே அதே இடது கையில், கம்பிக்குச் சற்று மேலேயிருந்து, கையின் நீளப்போக்கிலேயே நகல் கருவியால் எடுத்தேன். ஓரத்தை ஒட்டி `Heal` கருவியைத் தொடக்கூடாது. அது சுற்றுப்புற நிறத்தை இழுத்துக் கலப்பதால் சேலையின் பச்சை தோலில் அழுக்குப்போல ஏறிவிடும். கையின் நடுப்பகுதியில் தாராளமாகப் பாவிக்கலாம்.

இன்னொன்று, கம்பியின் நிழல். கம்பி போன பின்னும் முன்கையில் மெல்லிய கருங்கோடு ஒன்று கிடந்தது. பொருளை எடுத்தால் நிழலையும் எடுக்க வேண்டும். தெரிவையும் கம்பியின் ஓரத்தைவிட மூன்று நான்கு பிக்சல் கூட்டியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் ஒளிக்கீற்று மிஞ்சும்.

வேலை சரியா என்று பார்க்க, படத்தை இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். பழகிப்போன கண் அப்போதுதான் கோணலைப் பிடிக்கும். பிறகு ஒளிவேறுபாட்டை நன்றாகக் கூட்டுங்கள். நகலெடுத்த புள்ளிகள் இரண்டிரண்டாக வந்திருந்தால் உடனே தெரியும்.

திருக்கோவில், வாசகர்:

ஸ்ரூடியோ அண்ணா, அப்பாவின் கலியாணப் படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போய், பிரித்தபோது தோள்பட்டையில் மேற்பூச்சு உரிந்துவிட்டது. அதற்கும் இந்தச் சொல்தானா? செய்து தருவீர்களா?

கல்லடி, ஸ்ரூடியோ வைத்திருப்பவர்:

கொண்டுவாருங்கள் தம்பி, பார்ப்போம். மிச்சத்தைச் சுரண்டவோ நனைக்கவோ வேண்டாம். ஆனால் அது வேறு வேலை. உங்கள் அப்பாவின் தோளைக் கமரா பிடித்தது, பிறகுதான் அது அழிந்தது. வேறு பிரதியோ நெகட்டிவோ கிடைத்தால் அப்படியே திரும்ப எடுக்கலாம். அதை மீட்பு என்றால் எனக்கு மறுப்பில்லை. அந்த அம்மாவின் கையை, கம்பி மறைத்த இடத்தில், கமரா பார்க்கவே இல்லை.

கல்முனை, மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் ரீச்சரின் ஐயம் நியாயமானதே, ‘மீட்பு’ போகட்டும். ‘மறை’ என்பதையும் உடம்போடு சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மறைவிடம், மறைவுறுப்பு என்றால் பிள்ளைகளுக்கு வேறு பொருள் தோன்றும், வகுப்பில் சொல்ல முடியாது. ‘உட்பூச்சு’ என்றால் சுவரின் உள்பக்கம் பூசுவதாகப் படுகிறது.

வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். சுவரையும் சேலையையும் நிரப்புவது ‘பின்னணி நிரப்பல்’. கையின் வடிவத்தை முழுமையாக்குவது ‘உருநிறைவு’. நிறைவு செய்தல் என்று வினையாகவும் வரும். ‘இட்டுநிரப்பல்’ என்றும் யோசித்தேன், இட்டுக்கட்டல் நினைவுக்கு வருவதால் விட்டுவிட்டேன்.

மட்டக்களப்பு, மென்பொருள் எழுதுபவர்:

இரண்டு வேலை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘உருநிறைவு’ இன்னொன்றுக்குப் பொருத்தமான சொல். கம்பி அங்கேயே இருக்கும்போதும் நாம் கை இரண்டாக வெட்டுண்டதாகக் காண்பதில்லை, பின்னால் தொடர்கிறது என்றே காண்கிறோம். மிஷோத் என்ற பெல்ஜிய உளவியலாளர் ஆராய்ந்த விடயம் இது. கண் தானாகச் செய்யும் அதற்கு உருநிறைவை வைத்துக்கொண்டு, நாம் கையால் செய்வதை ‘ஊகநிரப்பு’ என்போம். ஊகம் என்பது சொல்லிலேயே இருக்கட்டும்.

அக்கரைப்பற்று, ஆசிரியை:

ஊகம் எவ்வளவு தூரம் போகலாம் அண்ணா? கம்பிக்குப் பதிலாக ஒரு கதிரை முழங்கையையே மறைத்திருந்தால்?

கல்லடி, ஸ்ரூடியோ வைத்திருப்பவர்:

முழங்கை மறைந்தால் கை எங்கே மடங்குகிறது என்பதை நாமே முடிவெடுக்க வேண்டும். கை தொங்கவிட்டு நின்றால் முழங்கை ஏறக்குறைய இடுப்பு மட்டத்தில் வரும். தோளிலிருந்து வரும் சாய்வையும் மணிக்கட்டிலிருந்து வரும் சாய்வையும் நீட்டினால் அவை சந்திக்கும் இடம் ஓரளவு தெரியும். அதே படத்தில் மற்றக் கை தெரிந்தால் நீளத்தை ஒப்பிடலாம். விரல்கள் மறைந்தால் நான் வரைவதில்லை. விரல் எப்படி மடங்கியிருந்தது என்று சொல்ல எந்தத் தடயமும் இராது. அப்படியான படத்தை மார்புவரை வெட்டிக் கொடுத்துவிடுவேன்.

அந்த அம்மாவின் கையில் இரண்டு காப்புகள் கம்பிக்கு இருபுறமும் துண்டு துண்டாகத் தெரிந்தன. அவற்றின் வளைவைத் தொடர்ந்து வரைந்தேன், அதில் ஐயமில்லை. நடுவில் மூன்றாவது ஒன்று முழுதாக மறைந்திருந்ததா என்று மகளிடம் கேட்டேன். அவரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. வெறுமையாகவே விட்டேன். ஆகவே எனக்கு ‘ஊகநிரப்பு’ பிடிக்கிறது. ஆனால் கல்வெட்டு அச்சடிக்க வருகிற குடும்பத்திடம் “உங்கள் அம்மாவின் கை ஊகம்” என்று எப்படிச் சொல்வது? கடையில் நான் ‘கையை நிறைவாக்கித் தருகிறேன்’ என்றுதான் சொல்வேன்.

கல்முனை, மொழிபெயர்ப்பாளர்:

அதற்காகவே ‘உருநிறைவு’ என்கிறேன். ஊகம் என்பதை விளக்கத்தில் எழுதலாம், சொல்லில் ஏற்ற வேண்டியதில்லை.

அக்கரைப்பற்று, ஆசிரியை:

பாடத்தை இரண்டு தலைப்பாகப் பிரித்துவிட்டேன். முதலாவது ‘பின்னணி நிரப்பல்’, அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. இரண்டாவதற்கு இப்போதைக்கு ‘உருநிறைவு’ என்று போட்டு, “கமரா பார்க்காததை ஊகித்து வரைவது” என்ற வரியை அதன் கீழே சேர்த்திருக்கிறேன். மட்டக்களப்புத் தம்பிக்கு ஒப்பில்லை என்பது தெரியும். கண் தானாகச் செய்வதற்கு அவர் வேறொரு சொல் சொன்னால் அச்சுக்குப் போகுமுன் மாற்ற இடமிருக்கிறது.