புதுப்பிப்பு: பழைய கடைக்கு ரெண்டு மாசம் நீட்டிப்பு

நான் கேட்டது: "பழைய வண்ணாரப்பேட்டை தையல் கடைக்கு 11 மாச அக்ரிமெண்ட் முடியப் போகுது. தண்டையார்பேட்டை புதுக் கடையில வேலை முடியல. ஓனர்கிட்ட எப்படி நீட்டிப்பு கேக்கறது?"

கிடைச்சிடுச்சு.

11 மாசம்னா பதிவே வேணாம்னு ஒரு தம்பி சொன்னார். சார்பதிவாளர் ஆபீஸுக்கு அது சரி; 2017 வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரிகிட்ட பதியணும். இன்னொருத்தர் ராயபுரத்துல வீட்டு அட்வான்ஸ் வராத கதையைச் சொன்னார், பாவம்.

உதவினது வக்கீல் குமாஸ்தா அண்ணன்தான். காலம் முடிஞ்சும் காலி பண்ணலைன்னா, அதே நிபந்தனையில மாசாமாசம், அதிகபட்சம் ஆறு மாசம் நீடிக்கும்னு சட்டத்துல இருக்காம். "அதைச் சொல்லி மிரட்டாதே, முடியறதுக்கு முன்னாடியே எழுதிக் கேளு"ன்னார்.

பழைய கடையைக் காலி பண்ற தேதியை, புதுக் கடை டைல்ஸ் மேஸ்திரியைக் கேட்டுப் போடல. அவருக்கு எல்லாமே "அடுத்த வாரம்"தான். த்ரீ பேஸ் மீட்டர் வந்தாதான் மெஷின் ஓடும், அதை வச்சுக் கணக்குப் போட்டேன்.

ஓனர் முதல்ல இரட்டை வாடகை கேட்டார். கடைசியில பழைய வாடகையை விட பத்து சதவீதம் அதிகம்னு முடிஞ்சுது. 15 நாள் முன்னாடி சொல்லிட்டு நடுவுலயே காலி பண்ணலாம். அட்வான்ஸை வாடகையில கழிக்கக் கூடாது. எல்லாம் எழுதிக் கையெழுத்தாச்சு.

வெள்ளையடிக்கிற செலவு யாருதுன்னு மட்டும் இன்னும் இழுபறி.