ரைஸ் மில்லுக்குப் புது மெஷின்: 11% வருமானம் போதுமா?

கல்லிடை: அண்ணாச்சிமாரே, அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் குடும்பத்து பிரைவேட் லிமிடெட் ரைஸ் மில். பேங்க் கடன் 4 கோடி, வட்டி 10%. சித்தப்பாவிடம் 1 கோடிக்கு பிரிஃபரன்ஸ் ஷேர், 9%. சாதாரணப் பங்குகள் எண்ணிக்கையில் 10 லட்சம், ரிசர்வையும் சேர்த்துப் புத்தகத்தில் அவற்றின் மதிப்பு 2 கோடி. பங்குக்காரர்கள் 16% எதிர்பார்க்கிறோம். கலர் சார்ட்டர் மெஷின் போட்டால் 11% கிடைக்குமாம். போடலாமா?

டவுன்காரன்: 22% வரித் திட்டத்துக்கு மாறியிருந்தால் மேல்வரி, செஸ் எல்லாம் சேர்த்து 25.168%. கால்வாசி என்று வையுங்கள். கடன் 7.5 ஆகும், பிரிஃபரன்ஸ் 6.75 ஆகும். மொத்தம் 7 கோடிக்குப் பணத்தின் சராசரிச் செலவு 9.8% வருகிறது, மெஷின் தருவதோ 11%. தாராளமாகப் போடுங்கள்.

பாளை கணக்கர்: வட்டியைச் செலவாகக் கழித்த பிறகுதான் வரி போடுகிறார்கள். பிரிஃபரன்ஸ் டிவிடெண்டோ வரி கட்டி மிஞ்சிய லாபத்திலிருந்து போகிறது, அதனால் 9 அப்படியே நிற்கும். அதைத் திருத்தினாலும் 10.1தான். என் சண்டை அந்த 2 கோடியோடு. சமீபத்தில் யாராவது பங்கு விற்றார்களா தம்பி?

கல்லிடை: போன வருஷம் மதினி தன் பங்குகளைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தார்கள். ஒரு பங்கு 50 ரூபாய்.

பாளை கணக்கர்: அப்படியானால் பங்கு மூலதனம் 5 கோடி, எல்லாம் சேர்த்து 10 கோடி. கடனுக்கு 0.4 × 7.5 = 3. பிரிஃபரன்ஸுக்கு 0.1 × 9 = 0.9. பங்குக்கு 0.5 × 16 = 8. ஆக 11.9. மெஷின் தேறாது. பெரியப்பா 16% கேட்பது தாம் போட்ட 50 ரூபாய்க்கு; புத்தகத்தில் கிடக்கும் 20 ரூபாய்க்கு இல்லை.

பணகுடி காற்றாலை: எங்கள் கம்பெனியில் லாபத்தில் இன்னும் கழிக்காத பழைய தேய்மானம் மலையாகக் கிடக்கிறது, இப்போதைக்கு வரியே இல்லை. எங்களுக்கு ஏது அண்ணாச்சி 7.5? முழு 10தான்.

பாளை கணக்கர்: உங்களுக்குச் சரி. லாபம் வந்து வரி கட்டுகிறவனுக்குத்தான் அந்தச் சலுகை கைக்கு வரும். இந்த மில் வரி கட்டாத நிலையில் இருந்தால் 12.9 ஆகிவிடும். கல்லிடை, நீங்கள் ஒழுங்காக வரி கட்டுகிறீர்கள்தானே?

கல்லிடை: வருஷா வருஷம்.

டவுன்காரன்: சரி, பிரிஃபரன்ஸ் விஷயம் இருக்கட்டும். சொந்தத்துக்குள் நடந்த ஒரு விற்பனை சந்தை விலையாகுமா? நிர்வாகம் கைக்கு வருமென்று பெரியப்பா கூடக் கொடுத்திருக்கலாம். நான் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன்: பங்கு 32 ரூபாய் என்றால் சராசரி சரியாக 11. அதற்குக் கீழே பெறுமானால் மெஷின் போடலாம்.

பாளை கணக்கர்: கணக்கு சரி. ஆனால் பங்கு அவ்வளவு மலிவென்றால் கடன் பாரம் கூடியதாக அர்த்தம், 16% போதும் என்பார்களா? அதோடு அந்த 11 எப்படி வந்தது?

கல்லிடை: மெஷின் விற்பவர் தந்த தாளில் வட்டி கழித்த பிறகு என்று போட்டிருக்கிறது. வரி பற்றிப் பேச்சே இல்லை.

பாளை கணக்கர்: அப்போது அதை இதோடு ஒப்பிடவே கூடாது. வட்டியின் பாரமும் அதன் வரிச் சலுகையும் 7.5-க்குள்ளேயே வந்துவிட்டன. வட்டியைக் கழிக்காமல், கடனே இல்லாததுபோல் வரியை மட்டும் கழித்து வேறு தாள் வாங்குங்கள்.

டவுன்காரன்: வாங்கட்டும். அந்த 50 ரூபாயை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.