சொல்லாமல் நழுவி வந்ததில் வந்த வினை: பையனை எப்படிப் பள்ளியில் விடுவது?

அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறோம். பையனுக்கு மூன்றே முக்கால் வயது, எல்கேஜி சேர்த்து 12 நாள் ஆகிறது. முதல் நாள் அவனைக் கொண்டுபோய் விட்டது ஆச்சிதான். வேப்பமரத்தில் அணிலைக் காட்டி, அவன் அண்ணாந்து பார்த்த நேரத்தில் நைசாக நழுவி வந்துவிட்டார்கள். பிள்ளை அழுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லையாம்.

அன்றிலிருந்து வீட்டிலும் என்னைக் கண்ணைவிட்டு நகர விடுவதில்லை. குளிக்கப் போனால் கதவடியில் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரவில் என் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கம். யாரும் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போவார்கள் என்று நினைத்துவிட்டான் போல.

இப்போது நானே விடுகிறேன். ஒரு முத்தம், "சோறு சாப்பிட்டு மணி அடிச்சதும் வாசல்ல நிப்பேன்", அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பதில்லை. மிஸ்ஸிடம் கேட்டால் பத்து நிமிஷத்தில் அழுகை நின்று கட்டை அடுக்கப் போய்விடுகிறானாம். அது நல்ல அறிகுறி என்று தெரியும். ஆனால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, காலையில் வயிற்றுவலி வேறு. லீவு நாளில் அந்த வலி வருவதில்லை.

நாலு வாரம் தாண்டியும் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுவேன். அதற்குள் உங்களிடம் இரண்டு கேள்வி: என் கைக்குட்டை மாதிரி எதையாவது பையில் வைத்து அனுப்பியவர்கள் உண்டா, அது உதவியதா? அப்புறம், "அழுதா அன்னைக்கு மட்டும் கூட்டிட்டு வந்திருளா" என்கிற ஆச்சியை எப்படிச் சமாளித்தீர்கள்?