புதுப்பிப்பு: நாய் உணவு மொத்தச் சலுகை வாசகம் முடிவானது

நான் முன்பு கேட்டது: “மூட்டையாக வாங்குவோருக்கான சலுகைக்கு, சத்து விவரம் இருக்கணும், உடல்நலப் பேச்சு கூடாது. எப்படி எழுதலாம்?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தீவனக் கடை வைத்திருக்கும் அக்கா சொன்னதுதான் வேலை செய்தது: லேபிளில் அச்சாகியிருப்பதை மட்டும், அதே சொற்களில் எழுது. புரத அளவையே எடுத்துவிடு என்றார் இன்னொருவர். அது தேவைப்படவில்லை, ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லைச் சேர்த்தால் போதும், ஏனென்றால் லேபிள் உறுதி சொல்வது அடிமட்ட அளவைத்தான். சிறுநீரகக் கோளாறுள்ள பூனைக்கு இது சரிப்படுமா என்று கேட்டவருக்கு: இது நாய் உணவுங்க, பூனையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

போட்டது இது:

“வளர்ந்த நாய்களுக்கான முழுமையான உலர் உணவு. கச்சாப் புரதம் குறைந்தபட்சம் 24%. 10 கிலோ மூட்டை இரண்டு வாங்கினால் கிரேவி பாக்கெட் நான்கு இலவசம். கிரேவி துணை உணவு மட்டுமே.”

கடைசி வரி எதிர்பாராமல் வந்தது. இலவச பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ‘துணை உணவு’ என்றிருந்தது. அதை மட்டுமே தினமும் வைத்தால் சத்து போதாது. முதல் வரைவில் ‘முழுமையான’ இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கும்படி இருந்தது. கிரேவியின் புரதம் 8% என்பதையும் பக்கத்தில் போடவில்லை. அதில் பெரும்பகுதி நீர், ஒப்பிட்டால் ஆள் ஏமாறுவார்.

‘எளிதில் செரிக்கும்’ உடல்நலக் கூற்றா இல்லையா என்பதில் இன்னும் இரண்டு கருத்து. அந்தச் சொல்லை நான் வாசகத்தில் சேர்க்கவில்லை. அப்புறம், வந்தவர்கள் அதிகம் கேட்டது காலாவதித் தேதியைத்தான். அடுத்த முறை அதையும் சேர்ப்பேன்.