30 சதவீத வீழ்ச்சி, இரண்டு தடவை: எது திருத்தம், எது குமிழி என்று வகுப்பில் எப்படிப் பிரித்துக் காட்டுவது?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்குப் பங்குச்சந்தைப் பாடம் எடுக்கிறேன். 10 சதவீதம் இறங்கினால் திருத்தம், 20 தாண்டினால் கரடிச் சந்தை, 30 அளவுக்கு வந்தால் குமிழி, அதாவது தாங்க முடியாத உயரத்துக்கு ஊதிய விலை, உடைந்துவிட்டது என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். நினைவில் வைக்கச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

போன வாரம் ஆண்டுகளை அழித்துவிட்டு இரண்டு வரைபடங்களைக் கொடுத்தேன். இரண்டுமே அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீட்டெண். முதலாவது 1998: ஜூலையில் 2014 புள்ளி, அக்டோபர் 8 அன்று 1419. கிட்டத்தட்ட 30 சதவீத இறக்கம். இரண்டாவது 2000: மார்ச் 10 அன்று 5048, ஏப்ரல் 14 அன்று 3321. 34 சதவீதம். என் விதிப்படி இரண்டுமே குமிழி என்று மாணவர்கள் எழுதினார்கள். ஆனால் 1998இல் இறங்கிய நாஸ்டாக், நவம்பர் முடிவதற்குள் பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. 2000இல் இறங்கியதோ 2002 அக்டோபரில் 1114 வரை போனது. உச்சத்திலிருந்து 78 சதவீதம். பழைய உச்சத்துக்குத் திரும்ப 2015 ஆகிவிட்டது.

"அப்படியென்றால் அந்த ஏப்ரலில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படித் தெரியும், மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வரைபடத்தை விட்டுவிட்டு வேறு எதைப் பார்க்கச் சொல்லலாம்? பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது.

நடுப்பகல்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை, மேடம்? பி.இ. விகிதத்தைப் பாருங்கள். பங்கின் விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதானே அது. 15, 20 என்றால் இறக்கம் வெறும் திருத்தம். 40, 50 என்றால் குமிழி. 2000இல் நாஸ்டாக் பங்குகள் பலவற்றின் பி.இ. நூறைத் தாண்டியிருந்தது. ஒரே எண், பிள்ளைகளுக்கும் புரியும்.

பேரேடு

நடுப்பகல் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி ஆளைக் கவிழ்த்துவிடும். 2009 வசந்த காலத்தில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் பி.இ. நூறைத் தாண்டி நின்றது. அது குமிழி அல்ல. பல ஆண்டுகளில் கிடைத்த மலிவான விலைகளில் ஒன்று. நெருக்கடியில் நிறுவனங்களின் லாபம் நொறுங்கிப் போனதால் வகுக்கிற எண் சிறுத்து, விகிதம் ஊதிப்போய்விட்டது. ஓராண்டு லாபத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கோளாறு வரத்தான் செய்யும்.

டீச்சர், நான் பங்கு ஆய்வில் பல வருடம் இருந்தவன். என் அனுபவத்தில், இறக்கம் எவ்வளவு என்பதைவிட இரண்டு கேள்விகள் முக்கியம். இந்த விலை நிலைக்க எதெல்லாம் நடந்தாக வேண்டும்? விலை இறங்கினால் விருப்பம் இல்லாவிட்டாலும் விற்றே ஆக வேண்டியவர்கள் எத்தனை பேர்?

முதல் கேள்விக்கு, இணைய வலையமைப்புக் கருவிகள் செய்கிற சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே நல்ல நிறுவனத்தைச் சொல்கிறேன். குப்பை நிறுவனத்தைக் காட்டினால், மோசமான கம்பெனியை வாங்காமல் இருந்தால் போதும் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுவார்கள். 2000 மார்ச்சில் சிஸ்கோவின் சந்தை மதிப்பு 500 பில்லியன் டாலருக்கு மேல். அந்த நிதியாண்டில் அதன் லாபம் ஏறக்குறைய 2.7 பில்லியன். இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: பத்து ஆண்டு கழித்து, வளர்ந்து முடிந்த நிறுவனமாக, லாபத்தைப் போல 25 மடங்குக்கு இது விற்கும் என்று வைத்துக்கொள்வோம். விலை ஒரு பைசா ஏறாமல் 500 பில்லியனிலேயே நிற்க வேண்டும் என்றாலும் லாபம் எவ்வளவு இருக்க வேண்டும்? 20 பில்லியன். அதாவது ஏழு மடங்குக்கு மேல். ஆண்டுக்கு 22 சதவீத வளர்ச்சி, பத்து ஆண்டும் விடாமல். அதைச் சாதித்தாலும் முதலீட்டாளர் கைக்கு வருவது பூஜ்யம். லாபம் பார்க்க வேண்டும் என்றால் இன்னும் வேகமாக வளர வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ஒரு கால்குலேட்டர் போதும். விலை எவ்வளவு எதிர்பார்ப்பைத் தலையில் சுமந்துகொண்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் சிஸ்கோவுக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள். 2000 நிதியாண்டில் விற்பனை 18.9 பில்லியன், அடுத்த ஆண்டு 22.3, அதற்கடுத்த ஆண்டு மறுபடி 18.9. நிறுவனம் மூழ்கவில்லை, திருட்டும் நடக்கவில்லை. வளர்ச்சி இரண்டு வருடம் நின்றது, அவ்வளவுதான். பங்கு விலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

சிறுதுளி

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். நான் வைத்திருக்கிற ஃபண்ட் இரண்டு மாதத்தில் 18 சதவீதம் இறங்கியிருக்கிறது. இது திருத்தமா, குமிழியா? இப்போது விற்கலாமா, இன்னும் கொஞ்சம் வாங்கலாமா? மகளின் படிப்புக்கு என்று போட்டது, தூக்கமே வரவில்லை.

பேரேடு

சிறுதுளி, உங்கள் ஃபண்டில் என்னென்ன பங்குகள் இருக்கின்றன என்று தெரியாமல் நான் சொன்னால் அது வெறும் ஊகம்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பணம் மகளுக்கு எப்போது வேண்டும்? இன்னும் இரண்டு ஆண்டுக்குள் என்றால் இறக்கத்தின் பெயர் என்ன என்பது உங்களுக்கு முக்கியமே இல்லை. சாதாரணத் திருத்தம்கூட மீள இரண்டு ஆண்டு எடுக்கலாம். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. பழைய உச்சத்துக்கு வர 1989 ஆகஸ்ட் வரை ஆனது. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத பணம் பங்கில் இருக்கக் கூடாது. விவரத்தைத் தனி இழையில் போடுங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.

கரும்பலகை

சிஸ்கோ கணக்கு அருமை, பேரேடு சார். நாளைக்கே செய்து பார்ப்பேன். "விற்றே ஆக வேண்டியவர்கள்" என்றீர்களே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? கடன் வாங்கிப் பங்கு வாங்குவது ஆபத்து என்று பாடத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு மேல் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

பேரேடு

அந்த ஒரு வரியை ஒரு முழு வகுப்பாக ஆக்குங்கள். கையில் 100 இருக்கிறது, தரகரிடம் 100 கடன் வாங்கி 200க்குப் பங்கு வாங்குகிறோம். பங்கின் மதிப்பில் நம் சொந்தப் பணம் 30 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது தரகரின் நிபந்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை 30 சதவீதம் இறங்குகிறது. பங்கின் மதிப்பு 140. கடன் அதே 100. நம் சொந்தப் பணம் 40, அதாவது 28.6 சதவீதம். நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. கையில் வேறு பணம் இல்லை என்றால் 6.7 அளவுக்கு விற்றுக் கடனைக் குறைக்க வேண்டும். பரவாயில்லை, சின்னத் தொகைதான். இப்போது விலை இன்னும் 10 சதவீதம் இறங்கட்டும். மீதமிருந்த 133.3 இப்போது 120. கடன் 93.3. நம்முடையது 26.7. இந்தத் தடவை 31 அளவுக்கு விற்றாக வேண்டும், கையிலிருப்பதில் கால் பங்குக்கும் மேல். முதல் 30 சதவீத இறக்கம் சின்ன விற்பனையைத்தான் கேட்டது. அடுத்த 10 சதவீதம் அதைவிட நாலு மடங்குக்கு மேல் கேட்கிறது.

வகுப்பில் பத்துப் பேருக்கு வெவ்வேறு கடன் அளவு கொடுத்து விளையாட விடுங்கள். ஒருவர் விற்றால் விலை ஒரு படி இறங்கும் என்று விதி வையுங்கள். முதல் ஆள் விற்றதும் இரண்டாவது ஆள் மாட்டுவார், அவர் விற்றதும் மூன்றாவது. கடன் யாருக்குமே இல்லாமல் அதே விளையாட்டை இன்னொரு தடவை ஆடச் சொல்லுங்கள். அதே இறக்கம் அங்கேயே நின்றுவிடும்.

2000 மார்ச்சில் நியூயார்க் பங்குச்சந்தை உறுப்பினர்கள் இப்படிப் பங்கு வாங்கக் கொடுத்திருந்த மார்ஜின் கடன் 278 பில்லியன் டாலர். ஓராண்டில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. மார்ஜின் கடன் கணக்கு மாதாமாதம் வெளியாகும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தொகையைவிட அது ஏறுகிற வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விலை ஏறுவதைவிடக் கடன் வேகமாக ஏறினால், இறக்கம் வருகிற நாளில் விற்றே ஆக வேண்டியவர்களின் வரிசை நீளமாக இருக்கும்.

நடுப்பகல்

2009 உதாரணத்தை ஒத்துக்கொள்கிறேன், அது எனக்குத் தெரியாது. ஆனால் 1998க்கும் 2000க்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் சொல்கிற அளவு சுத்தமானதா? 1998இல் ரஷ்யா கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது, லாங் டெர்ம் கேப்பிடல் என்ற பெரிய ஃபண்ட் கவிழப் பார்த்தது. உடனே அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவே மூன்று தடவை வட்டியைக் குறைத்தது. 2000இல் அதே ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றிக்கொண்டிருந்தது, மே மாதம் 6.5 சதவீதம் வரை. வட்டியைக் குறைத்தால் திருத்தம், ஏற்றினால் குமிழி. சரியா?

பேரேடு

அப்படி நேர்கோடு போட முடியாது. 2001இல் ஃபெடரல் ரிசர்வ் பதினொரு தடவை வட்டியைக் குறைத்தது. நாஸ்டாக் இறங்கிக்கொண்டேதான் போனது. வெளியிலிருந்து வந்த அடிக்கு வட்டிக் குறைப்பு மருந்தாகலாம். விலையே தாங்க முடியாத உயரத்தில் இருந்தால் மருந்து பிடிக்காது.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கிற இன்னொரு கேள்விக்கு என்னிடம் தெளிவான விடை இல்லை. 1998இல் வட்டியைக் குறைத்துச் சந்தையைத் தூக்கிவிட்டதே அடுத்த ஒன்றரை ஆண்டில் குமிழி ஊதக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் டீச்சரின் முதல் வரைபடம் திருத்தம் அல்ல, வளர்ந்துகொண்டிருந்த குமிழிக்குள் வந்த ஒரு தடுமாற்றம். எனக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கரும்பலகை

சரி, அந்த மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறதே. 2000 ஏப்ரல் 14 அன்று இந்த இரண்டு கணக்கையும் போட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்குமா?

பேரேடு

ஆபத்து பெரிது என்று தெரிந்திருக்கும். எப்போது என்று தெரிந்திருக்காது. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 1996 டிசம்பரில் ஃபெடரல் ரிசர்வ் தலைவர் கிரீன்ஸ்பான் சந்தையின் மிதமிஞ்சிய உற்சாகத்தைப் பற்றி எச்சரித்தபோது நாஸ்டாக் 1300 அளவில் இருந்தது. அதற்கப்புறம் மூன்றேகால் வருடம் ஏறி 5048 தொட்டது. 1996லேயே விலகியவர் அத்தனை நாளும் ஊராரின் கேலியைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். 2002இன் அடிமட்டம் அந்த 1300க்கும் கீழே.

இன்னொன்று. 2000 மே 23 அன்று 3164 வரை இறங்கிய நாஸ்டாக், ஜூலை 17க்குள் 4274க்கு ஏறியது. 35 சதவீத ஏற்றம். அந்த இரண்டு மாதத்தில் திருத்தம் முடிந்துவிட்டது என்று நம்பி உள்ளே வந்தவர்கள் ஏராளம். அந்த ஜூலை வரை மட்டும் வரைபடத்தை வெட்டி மாணவர்களிடம் கொடுங்கள். சிஸ்கோ கணக்கைப் பக்கத்தில் வைத்து, 4274இல் நீ வாங்குவாயா, ஏன் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஏறிவிட்டது என்பதைத் தவிர அந்தக் கணக்கில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள் பாருங்கள்.

கரும்பலகை

பழைய விதியைப் பலகையிலிருந்து அழித்துவிட்டேன். வியாழக்கிழமை கடன் விளையாட்டு, அடுத்த வாரம் வெட்டிய வரைபடம். 1998 கேள்வியைப் பிள்ளைகளிடமே விவாதத்துக்கு விடப் போகிறேன். என்ன எழுதினார்கள் என்று இங்கே வந்து சொல்கிறேன்.